பெட்டியைத் திறக்கும்போது அடீனியம் எப்படி இருக்கும்

ஆன்லைனில் அடீனியம் வாங்குகிறவர் பார்ப்பது அடுக்கு இதழோடு பூத்து நிற்கும் ஒரு படத்தை. நாலைந்து நாள் கழித்து கூரியர்க்காரர் தரும் பெட்டிக்குள் இருப்பது செய்தித்தாளில் சுருட்டிய ஒரு தடித்த குச்சி. அதில் பூ இல்லை, மண் இல்லை, பெரும்பாலும் இலையும் இல்லை. இரண்டும் ஒரே செடிதான். ஆனால் பூப் படத்தை மட்டும் போட்டு விற்றவருக்கு அன்று மாலையே "செடி செத்து வந்திருக்குங்க, பணத்தைத் திருப்பி அனுப்புங்க" என்று செய்தி வந்துவிடும். வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குச்சியின் படத்தை அவருக்கு யாரும் காட்டவே இல்லையே.

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அடீனியம் வளர்த்து, செடியாகவும் விதையாகவும் வெளியூர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். செடியை வளர்ப்பதற்கு எவ்வளவு கவனம் தேவையோ அதே அளவு கவனம் அதைப் பற்றி நாலு வரி எழுதுவதற்கும் தேவை என்பது என் உறுதியான எண்ணம். அந்த நாலு வரியில் என்ன எழுத வேண்டும், ஏன் எழுத வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். விற்கிறவர்களுக்குப் பயன்படும். வாங்குகிறவர்களும் இதை வைத்து ஒரு விற்பனைக் குறிப்பை எடைபோடலாம்.

முதலில் அளவு. "இரண்டு வருடச் செடி" என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். தரையில் நட்டு இரண்டு வருடம் வளர்ந்த அடீனியத்தின் அடித்தண்டு கை முஷ்டி அளவுக்குப் பருத்திருக்கும். சின்னத் தொட்டியில் இரண்டு வருடம் கிடந்தது கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. வயதைச் சொன்னால் வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மண்மட்டத்தில் தண்டின் குறுக்களவு எத்தனை சென்டிமீட்டர், உயரம் எவ்வளவு, மண்ணை உதறிய பிறகு எடை எத்தனை கிராம் என்ற மூன்றையும் எழுத வேண்டும். எடையைச் சேர்த்ததற்குத் தனிக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அடுத்து, ஒட்டுச் செடியா, விதையில் முளைத்த செடியா என்பது. அடுக்குப் பூ அடீனியங்களில் பெரும்பாலானவை, விதையில் முளைத்த சாதாரணச் செடியின் மேல் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டுக்கட்டியவை. ஒட்டுக்குக் கீழே தண்டிலிருந்து தளிர் வந்தால் அது அடிச்செடியின் தளிர். அதை விட்டுவைத்தால் ஒட்டுக் கிளையைவிட வேகமாக வளர்ந்து, ஒருநாள் சாதாரண ஒற்றை அடுக்கு இளஞ்சிவப்புப் பூவைக் காட்டும். "ரகம் மாற்றி அனுப்பிட்டீங்க" என்று வரும் புகார்களில் சில இப்படித்தான் கிளம்புகின்றன. அதனால் ஒட்டு இருக்கும் இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து, இதற்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளிவிடுங்கள் என்று எழுதிவிட வேண்டும். ஒட்டுக்கட்டிய தழும்பு அழகாக இருக்காதுதான். அதற்காக மறைக்கக் கூடாது.

சரி, வளர்ப்பு முறைக்கு வருவோம். எல்லோரும் எழுதும் வரி ஒன்று உண்டு: "நல்ல வெயில், நீர் தேங்காத மண்." தப்பில்லாத வரிதான், ஆனால் பயனும் இல்லை. சென்னையில் இருப்பவரும் கொடைக்கானலில் இருப்பவரும் டில்லியில் இருப்பவரும் இதைப் படித்துவிட்டு ஆளுக்கு ஒரு விதமாகச் செய்வார்கள். வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, இந்தச் செடி இதுவரை எப்படி வளர்ந்தது என்பது. என் செடி காலை முதல் மாலை வரை திறந்த வெயிலில் நின்றதா, பச்சை வலைக்குக் கீழே நின்றதா? என்ன கலவையில் இருந்தது? கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தது? கடைசியாக எப்போது தொட்டி மாற்றினேன்? இவ்வளவும் தெரிந்தால்தான் தன் வீட்டு நிலைக்கு அதை எப்படிப் பழக்குவது என்று அவரால் முடிவுசெய்ய முடியும். பாதி வெயில் மட்டும் விழும் வலைக்கடியில் வளர்ந்த செடியை நேராகக் கொண்டுபோய் மே மாத மாடி வெயிலில் வைத்தால், தண்டின் மேற்குப் பக்கம் வெளுத்து, பிறகு பழுப்பாகி வெந்துபோகும். அடீனியம் வெயில் விரும்பிதான். ஆனாலும் வலைக்கடியில் பழகிய தோலுக்கு இரண்டு வாரமாவது அவகாசம் வேண்டும்.

கலவையைப் பற்றியும் அப்படித்தான் எழுத வேண்டும். நான் பயன்படுத்துவது சலித்த எம்-சாண்டில் தங்கும் பருமணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் பெர்லைட், கால் பங்குக்கும் குறைவாக மக்கிய எரு. எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலிருக்கும் மாவுத்தூசி தண்ணீர் பட்டதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அதனால் சலித்து, அலசித்தான் சேர்க்கிறேன். இதை எழுதுவது என் கலவையை அப்படியே பின்பற்றச் சொல்வதற்காக இல்லை. தண்ணீர் ஊற்றினால் சில நொடிகளில் அடித்துளை வழியாக வெளியேறும் கலவையில் இந்த வேர்கள் பழகியிருக்கின்றன என்று தெரிவிப்பதற்காக. வாங்கியவர் கொண்டுபோய்த் தோட்டத்துச் செம்மண்ணில் நட்டு, ரோஜாவுக்கு ஊற்றுவதுபோலத் தினமும் ஊற்றினால் என்ன ஆகும் என்பது அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும்.

இதோடு ஊருக்கு ஏற்ற எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். அடீனியத்தின் பூர்வீகம் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளும் அரேபியத் தீபகற்பமும். வெப்பத்தைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால் தாங்காது. டில்லியில் ஜனவரியிலும் மலையூர்களில் குளிர்காலம் முழுக்கவும் அது இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். அந்த நேரத்தில் இலை கொட்டுகிறதே என்று பயந்து தண்ணீர் ஊற்றினால் அழுகல்தான். நம் ஊர்க் கடற்கரை மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் ஆபத்தான காலம். அப்போது செடி கூரை ஓரத்துக்குப் போய்விட வேண்டும். "ஊட்டியில் இருக்கேன், இது வருமா?" என்று கேட்பவரிடம் வரும் என்று சொல்லி விற்பது எளிது. வெயில் விழும் கண்ணாடி ஜன்னல் ஓரம் இருந்தால் பிழைக்கும், ஆனால் பூ குறைவாகவே எதிர்பாருங்கள் என்பதுதான் உண்மை. நான் அதைத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களும் உண்டு.

இப்போது பாக்கிங். மண்ணோடு அனுப்புவதுதான் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அடீனியத்துக்கு அது நேர்மாறு. பெட்டி கவிழும்போதெல்லாம் தொட்டி மண் உள்ளே புரண்டு வேரை அரைக்கும், ஈரத்தை வேரோடு ஒட்டி வைத்திருக்கும், எடையையும் ஏற்றும். ஆறு அங்குலத் தொட்டிக் கலவையே இரண்டு கிலோவை நெருங்கிவிடும். வெளிமாநிலக் கூரியருக்கு அந்த இரண்டு கிலோவுக்கான காசை வாங்குகிறவர்தான் கொடுக்கிறார்.

மண்ணில்லாமல் அனுப்புவதற்கு முன்தயாரிப்பு ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்குகிறது. முதலில் நாலைந்து நாள் தண்ணீரை நிறுத்திவிடுவேன். பிறகு தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறி, ஒட்டியிருப்பதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். தண்ணீரில் கழுவினால் படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் காய்வதற்குக் கூடுதலாக இரண்டு நாள் பிடிக்கும். முறிந்த வேர் நுனிகளைச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லித் தூளைத் தொட்டுவைப்பேன். அடீனியத்தின் பால் நஞ்சு என்பதால் கையுறை போட்டுக்கொள்வேன். அப்புறம் நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் சும்மா கிடக்க வேண்டும். இதுதான் பாக்கிங்கிலேயே முக்கியமான கட்டம், அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் கட்டமும் இதுதான். வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டிவிட்டால், பெட்டிக்குள் கிருமி நுழைய வழியில்லை. ஈரமான வெட்டோடு இருண்ட பெட்டிக்குள் போன வேர், இரண்டாம் நாளே அழுகத் தொடங்கலாம். அது வெளியே தெரிவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும்.

சுற்றுவதற்கு உலர்ந்த செய்தித்தாள் போதும். பாலித்தீன் கூடாது. செடி பெட்டிக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை வெளியிடும். தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும். பாலித்தீனில் அது துளியாகி, திரும்பவும் தண்டின் மேலேயே விழும். செடியைவிட இரண்டு விரல் உயரமான மூங்கில் குச்சியைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால், பெட்டி தலைகீழாக நின்றாலும் இடியைக் குச்சி வாங்கிக்கொள்ளும், கிளை நுனி தப்பிக்கும். "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி போட்டு ஒட்டலாம், ஆனால் அதை நம்பிப் பாக்கிங் செய்யக் கூடாது. மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே எதுவும் அசையும் சத்தம் கேட்டால் பிரித்து, கசக்கிய தாளை இன்னும் திணிக்க வேண்டும்.

பெட்டி அளவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பல கூரியர்கள் நிஜ எடையையும் பெட்டியின் பரும எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 30, 15, 15 அளவுள்ள பெட்டிக்கு அது 1.35 கிலோ. உள்ளே இருக்கும் செடி 400 கிராம் என்றாலும் கட்டணம் அந்த 1.35-க்குத்தான். இதைக் குறிப்பிலேயே சொல்லிவிட்டால், இவ்வளவு சின்னச் செடிக்கு இவ்வளவு கூரியரா என்ற சந்தேகம் எழாது. திங்கள், செவ்வாயில் மட்டும் அனுப்புகிறேன் என்பதையும் எழுதுகிறேன். வியாழனில் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெட்டி ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும்.

இனி வந்து சேரும் நிலை. இந்த ஒரு பகுதியை ஒழுங்காக எழுதினாலே பாதிப் புகார்கள் காணாமல் போகும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: வழக்கம்போலப் பாக்கிங் செய்த ஒரு பெட்டியை அனுப்பாமல் வீட்டிலேயே ஐந்தாறு நாள் மூடி வைத்திருந்து, பிறகு திறந்து, தோன்றுவதை அப்படியே படம் எடுத்துப் போடுவது. மஞ்சள் இலைகள் தாளில் ஒட்டிக் கிடக்கும், மொட்டுகள் உதிர்ந்திருக்கும், தண்டு லேசாகச் சுருங்கியிருக்கும். பூப் படத்துக்குப் பக்கத்திலேயே இந்தப் படத்தையும் போட்டு, "உங்கள் கைக்கு வரும்போது இப்படித்தான் இருக்கும்" என்று எழுதிவிட வேண்டும்.

இலை ஏன் உதிர்கிறது என்பதை ஒரு வரியில் விளக்குவதும் நல்லது. வெளிச்சம் இல்லாததாலும், மூடிய பெட்டிக்குள் செடியே வெளியிடும் எத்திலீன் வாயு தேங்குவதாலும் முதலில் மொட்டும் பிறகு முதிர்ந்த இலைகளும் விழுகின்றன. தன் சொந்த ஊரிலும் வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் சேர்த்த நீரை வைத்துக் காலம் தள்ளும் செடி இது. அதனால்தான் ஒரு வாரம் இருட்டில் பயணம் செய்தும் பிழைக்கிறது. மல்லிகையை இதே முறையில் அனுப்பினால் போய்ச் சேரும்போது காய்ந்த சுள்ளிதான் இருக்கும்.

கவலைப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துச் சொல்ல அடித்தண்டுதான் சாட்சி. கட்டைவிரலால் தண்டின் மேல், நடு, அடி, வேர்க்கிளைகள் என்று பல இடங்களில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி லேசாக அமுங்கி, தோல் சுருங்கியிருந்தாலும் உலர்ந்து, ஒட்டிக்கொண்டு, வாடை இல்லாமல் இருந்தால் அது வெறும் நீரிழப்பு. சரியாகிவிடும். மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருந்து ஒரே ஓர் இடம் மட்டும் பொதக்கென்று உள்ளே போனால், அங்கே தோல் வழுக்கிக்கொண்டு வந்தால், பழுப்பு நீர் கசிந்தால், புளித்த வாடை அடித்தால், அது அழுகல். கிளை நுனி ஒடிந்திருப்பது மூன்றாவது வகை. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சுத்தமாக வெட்டிவிட்டால் அந்த இடத்திலிருந்து புதுக் கிளைகள் வரும்.

இந்த மூன்றுக்கும் விற்பவர் என்ன செய்வார் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நான் எழுதுவது இது: இலை, மொட்டு உதிர்வுக்கும் சுருக்கத்துக்கும் ஈடு இல்லை. ஒரு கிளை நுனி ஒடிந்தால் இல்லை. தண்டிலோ ஒட்டுக்கு அருகிலோ முறிவு, எந்த இடத்திலாவது அழுகல் என்றால் முழுப் பணம் அல்லது மாற்றுச் செடி. பத்து நாள் வரை சொல்லலாம்.

பெட்டியைத் திறக்கும் காணொளி இருந்தால்தான் பேசுவேன் என்று நிபந்தனை போடுகிறவர்கள் பலர். முறிவுக்கு அது சரி. அழுகலுக்குப் போதாது. பெட்டியைத் திறந்த நிமிடத்தில் அழுகல் தெரியாமல் இருக்கலாம் என்பதால்தான் பத்து நாள் கொடுக்கிறேன். அப்படிக் கொடுக்கும்போது, வாங்கியவர் அதிகம் தண்ணீர் ஊற்றி அழுகவைத்தாரா, பாக்கிங்கிலேயே அழுகல் தொடங்கிவிட்டதா என்ற கேள்வி வரும். இதற்கும் பதில் வளர்ப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. வந்த அன்றே உலர்ந்த கலவையில் நட்டு, வெளிச்சமான நிழலில் வைத்து, ஒரு வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேரில் ஏற்பட்ட புதுக் கீறல்கள் ஆறுவதற்கு அந்த ஒரு வாரம் தேவை. தண்ணீரே படாத அந்த வாரத்தில் வெட்டிய வேர் நுனியிலிருந்து மேல்நோக்கி அழுகல் ஏறினால், அது என் பக்கத்திலிருந்து போனது என்று நானே ஒத்துக்கொள்ளலாம், வாதமே தேவையில்லை. முதல் நாளே ஊற்றிவிட்டால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு செடியின் கதையை முழுதாகச் சொல்கிறேன். அதற்கு நான் எழுதியிருந்த குறிப்பு கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"ஒட்டு அடீனியம், அடுக்குச் சிவப்பு. படத்தில் இருக்கும் இதே செடிதான் வரும். பூப் படம் தாய்ச்செடியுடையது, இந்தச் செடி இன்னும் பூக்கவில்லை. மண்மட்டத்தில் தண்டின் குறுக்களவு 6 செ.மீ., உயரம் 24 செ.மீ., மண் நீக்கிய எடை 380 கிராம். இரண்டு கிளைகளில் ஒட்டு. தண்டின் ஒரு பக்கம் பழைய வெட்டுத் தழும்பு இருக்கிறது, மூன்றாவது படத்தில் பார்க்கலாம். திருச்சியில் திறந்த வெயிலில், பருமணல் கலவையில் வளர்ந்தது. மண்ணில்லாமல், செய்தித்தாள் சுற்றி அனுப்புவேன். வரும்போது இலை இருக்காது, தண்டு கொஞ்சம் அமுங்கும்."

புனேயில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்து அக்கா வாங்கினார். ஜூலை மாதம். அங்கே மழை பலமாக இருந்ததால் பெட்டி போய்ச்சேர ஒரு வாரம் ஆகிவிட்டது. திறந்ததும் படம் அனுப்பினார். ஒரு இலைகூட இல்லை, தோல் முழுக்கச் சுருக்கம், ஒரு கிளையின் நுனி கறுத்திருந்தது. "தம்பி, நீங்க எழுதியிருந்ததைவிட மோசமா இருக்கே" என்றார். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். 345 கிராம் காட்டியது. ஒரு வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இழப்பு. ஈரம் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் எடையைக் குறித்துவைத்ததன் பயன் இங்கேதான் தெரிந்தது. எவ்வளவு வாடியிருக்கிறது என்று படத்தைப் பார்த்து இருவரும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அழுத்திப் பார்த்ததில் எல்லா இடமும் ஒரே மாதிரி அமுங்கியது, வாடை இல்லை.

கறுத்த நுனிதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கறுப்புக்குக் கீழே கத்தியால் வெட்டி, வெட்டுமுகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் வெட்டில் நடுவே ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. அந்தப் புள்ளி இருக்கும்வரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். இன்னும் ஒரு விரற்கடை கீழே வெட்டியதும் வெட்டுமுகம் முழுக்க வெளிர் நிறமாக, பால் கசிய, சுத்தமாக இருந்தது. அங்கே தூள் தொட்டு நிறுத்தினோம். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் மேலிருந்த அழுகலை நாமே கீழே இறக்கியதாக ஆகிவிடும்.

உலர்ந்த கலவையில் நட்டு, மழை படாத பால்கனியில் வைத்தார். எட்டாம் நாள் கொஞ்சம் தண்ணீர். புனேயின் ஜூலை மாத மூட்டத்தில் மண் காய நேரம் பிடிக்கும் என்பதால், அடுத்த தண்ணீருக்கு ஒரு மூங்கில் குச்சியை அடிவரை குத்தி, உலர்ந்து வந்த பிறகே ஊற்றச் சொன்னேன். மூன்றாம் வாரம் கிளை நுனிகளில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன, வெட்டிய கிளையில் இரண்டு இடத்தில். தண்டு கெட்டியாக இன்னும் சில வாரங்கள் ஆனது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. அதே மழைக்காலத்தில் மங்களூருக்குப் போன ஒரு பெட்டி வழியில் நனைந்திருந்தது. வெளியட்டை கூழாகிவிட்டது. செடி பார்க்க நன்றாகவே இருந்தது, இரண்டு இலைகூட மிச்சம் இருந்தது. ஆனால் தண்டும் வேரும் சேரும் இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு அமுங்கியது. ஐந்தாம் நாள் அது தண்டின் பாதியைப் பிடித்துவிட்டது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இலையோடு வந்தது செத்தது, இலையில்லாமல் வந்தது பிழைத்தது. இலையை வைத்து முடிவுசெய்யாதீர்கள் என்று குறிப்பில் எழுதுவதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இப்போது மழை மாதங்களில் செய்தித்தாள் சுற்றிய செடியை அட்டைக்குள் வைத்து, அட்டைக்கு வெளியே மட்டும் பாலித்தீன் சுற்றி, பக்கவாட்டில் சின்னத் துளைகள் போடுகிறேன். உள்ளே தாள்தான்.

விதை வேறு உலகம். அடீனியம் காய் இரட்டைக் கொம்பு மாதிரி வரும். முற்றி வெடித்தால், விதையின் இரு முனையிலும் இருக்கும் பஞ்சுக் குஞ்சம் அதைக் காற்றில் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் வெடிக்கும் முன்பே காயைச் சுற்றி நூலைக் கட்டிவைப்போம். எடுத்த விதையை நிழலில் காயவைத்து, பஞ்சு நீக்கி வைத்தால் முதல் சில மாதங்கள் அருமையாக முளைக்கும். அதன்பிறகு முளைப்பு குறைந்துகொண்டே வரும். ஆகவே அறுவடை செய்த மாதம் இல்லாத விதைக் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

கடையில் விற்கும் சான்று பெற்ற விதைப் பாக்கெட்டில் முளைப்புத்திறனும் பரிசோதித்த தேதியும் அச்சிட்டிருக்கும். தக்காளிக்கு குறைந்தது 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம் என்று தரம் இருக்கிறது, அந்தச் சான்று பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். அடீனியத்துக்கு அப்படி யாரும் கேட்பதில்லை என்பதற்காக நாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் இருபது விதையை எடுத்து, ஈரமான டிஷ்யூவில் வைத்து, மூடிய டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வைத்தால் போதும். எத்தனை முளைத்தன, எந்த தேதியில் என்று எழுதிவிடலாம். இருபதில் பதினாறு என்று எழுதினால், பத்து விதை வாங்குகிறவர் எட்டை எதிர்பார்ப்பார். எதிர்பார்ப்பு அங்கே நிற்பது இருவருக்கும் நல்லது.

விதையில் மறைக்கவே கூடாத உண்மை, பூவின் நிறம். அடுக்குச் சிவப்புச் செடியின் விதை முளைத்தால் அடுக்குச் சிவப்பே பூக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்ததோ அதன் குணமும் கலந்திருக்கும். நான் எழுதுவது தாய்ச்செடி எது என்பதை மட்டும். கையால் மகரந்தம் வைத்திருந்தால் தந்தைச்செடியையும் எழுதுவேன். "நிறம் கலந்து வரும், ஒற்றை அடுக்காகவும் வரலாம்" என்ற வரியும் கண்டிப்பாக இருக்கும். நீல நிறப் பூவின் படத்தைப் போட்டு அடீனியம் விதை விற்கிறார்கள். நீல அடீனியம் என்று ஒன்று கிடையாது. அது கணினியில் நிறம் மாற்றிய படம். கறுப்பு என்று விற்பது மிக அடர்ந்த சிவப்பு. முளைத்துப் பூக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், ஏமாந்தது தெரியும்போது விற்றவரின் கணக்கே இருக்காது. இது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் விஷயம்.

விதையை வெறும் கடித உறையில் போட்டு அனுப்பினால் வழியில் முத்திரை குத்தும்போதும் கட்டுகளுக்கு நடுவே அழுந்தும்போதும் நசுங்கும். சின்னக் காகித உறையில் போட்டு, இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து, அதன்மேல் ஜிப் கவர் போடுகிறேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றும் உள்ளே போகும். ஆனால் எல்லா விதைக்கும் இது பொருந்தாது. கறிவேப்பிலை விதை கேட்பவர்களும் உண்டு. அதைக் காயவைத்தால் செத்துவிடும். பழத்தின் சதையை நீக்கி, லேசான ஈரமுள்ள தென்னைநார்க் கழிவில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும், வந்ததும் விதைக்க வேண்டும். அந்தக் குறிப்பில் "பெட்டியிலேயே முளைவிட்டிருந்தால் பயப்படாதீர்கள், வெள்ளை வேரை ஒடிக்காமல் நடுங்கள்" என்று எழுதுகிறேன்.

இலங்கையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விதை கேட்டு எழுதுகிறார்கள். பரிசுப் பொருள் என்று எழுதி உறையில் போட்டு அனுப்பச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். செடியோ விதையோ எல்லை தாண்டினால் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் தேவைப்படலாம். ஒரு உறையோடு மாவுப்பூச்சியோ வைரஸோ போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் அந்த விதி. அதனால் "இந்தியாவுக்குள் மட்டும்" என்ற வரியை எல்லாக் குறிப்பிலும் முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

ஐப்பசி பிறந்ததும் ஒட்டுச் செடிகளின் குறிப்புகளை எல்லாம் நிறுத்திவைத்துவிடுவேன். மழையில் ஊறிய தண்டு, எத்தனை நாள் நிழலில் போட்டாலும் நான் விரும்பும் அளவுக்குக் காயாது. அந்த மாதங்களில் விதை மட்டும்தான் போகும். பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் ஒவ்வொரு செடியையும் மறுபடி எடைபோட்டு, அளந்து, புதுப் படம் எடுத்துத்தான் திரும்பப் போடுவேன், ஏனென்றால் பழைய அளவும் பழைய படமும் அந்தச் செடிக்கு அப்போது பொருந்தாது.